பணிவும் துணிவும்: இந்தோனேசிய மடலொன்று ஆங்கிலமாகும் வகை

இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களிற் பட்டப்படிப்பின் இறுதியாண்டை எய்திய மாணாக்கருட் சிலர், அயல்நாட்டு ஆய்வுகூடமொன்றில் இரண்டு மூன்று மாதங்கள் தங்கி ஆய்வுப் பயிற்சி பெற விரும்பி விண்ணப்பஞ் செய்வர். விண்ணப்பத்துடன் ஒரு மடலும் இணைக்கப்படல் வேண்டும். இதனை அவர்கள் ‘சூராத் மோதிவாசி’ என்பர். தமிழில் நோக்க மடல் எனலாம். தாம் யார், இதுவரை செய்தது யாது, இந்த ஆய்வுகூடத்தை நாடுவது எதன் பொருட்டு என்னும் மூன்றையும் ஒரு பக்கத்துள் அடக்கிக் கூறுவது அம்மடலின் இலக்கணம். மடலைப் பெறும் பேராசிரியர் மாணாக்கனைக் கண்டதில்லை. அவனுடைய ஆசிரியரையும் பெரும்பாலும் அறியார். புள்ளிப் பட்டியல் அவன் பெற்ற புள்ளிகளைச் சொல்லும். அவன் கை என்ன வேலை பழகியிருக்கின்றது என்பதைச் சொல்ல இந்த ஒரு பக்கமே உண்டு.

இம்மடல் முதலில் இந்தோனேசிய மொழியில் எழுதப்பட்டு, பின்னர் ஆங்கிலத்திற் பெயர்க்கப்படுவது பெருவழக்கு. பெயர்ப்போன் எதிர்நோக்கும் இடர் இலக்கணத்தைச் சார்ந்ததன்று. இந்தோனேசிய மடல் தன் மொழியிற் பணிவுடையது, பண்பட்டது, எவரும் குறைகூற இயலாதது. அதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், எழுதியவன் தன்னம்பிக்கையற்றவனாய்க் கெஞ்சி நிற்பதுபோலத் தோன்றும். அதனைத் திருத்தப் புகுந்து சொற்களுக்கு உரமேற்றினால், பணிவு முழுவதும் நீங்கித் தற்புகழ்ச்சி மட்டும் எஞ்சும். இவ்விரண்டிற்கும் நடுவே செல்லும் வழி, மென்மையான சொல்லொன்றையும் வன்மையான சொல்லொன்றையும் மாறிமாறி வைப்பதன்று. பணிவு இந்தோனேசிய மொழியில் ஓரிடத்திலும் ஆங்கிலத்தில் வேறோரிடத்திலும் தங்கியிருக்கின்றது. அதனை ஓரிடத்தினின்று பெயர்த்து மற்றோரிடத்தில் நாட்டுவதே பெயர்ப்போன் செய்யவேண்டிய பணி.

இந்தோனேசிய மொழியின் கல்விச் சொற்களுட் சில தமிழ் மாணாக்கர்க்கு அந்நியமல்ல. பல்கலைக்கழக மாணாக்கன் அங்கே ‘மகாசிஸ்வா’; பட்டதாரி ‘சார்ஜானா’. முன்னது மகாசிஷ்யன் என்பதன் திரிபு. பின்னது சஜ்ஜனன் என்னும் வடசொல்லின் வழிவந்தது. பட்டம் பெற்றோரெல்லாரும் நல்லோர் என்று அம்மொழி கருதிற்றுப் போலும். ஆய்வு என்பதற்கு வழங்கும் ‘பெனெலித்தியான்’ என்னுஞ் சொல்லோ அம்மொழிக்கே உரியது. ‘தெலித்தி’ என்றால் நுணுகிக் கவனித்தல். அதிலிருந்து பிறந்ததே அச்சொல். நுணுகிக் கவனிக்கும் இயல்பு உடையவன் என்று மாணாக்கன் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அவ்வியல்பு மடலின் வாசகத்தில் தெரிதல் வேண்டும்.

விளக்கத்தின் பொருட்டுப் புனைந்துகொண்ட மடலொன்றை எடுத்து நோக்கலாம். எழுதுபவன் மத்திய கலிமந்தான் மாகாணத்தின் தலைநகராகிய பலங்காராயாவில் மண்ணியல் பயில்பவன். மடல் செல்வது ஒல்லாந்து தேசத்து மண்ணியல் ஆய்வுகூடமொன்றிற்கு. அவனுடைய ஆய்வுப் பொருள் ‘காம்புத்’ எனப்படும் சதுப்புநில மக்குமண். ஆங்கிலத்தில் இது பீற்று எனப்படும். மரமும் இலையும் நீரினுள் அமிழ்ந்து, முற்றாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டானது அம்மண். நீரில் ஊறியிருக்கும் வரை அதற்குக் கேடில்லை. நீரை வடித்துவிட்டால் காற்றுப் புகுந்து மக்கத் தொடங்கும், காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடும், நிலம் தாழும், வறண்ட காலத்தில் தீயும் பற்றும். மத்திய கலிமந்தானில் 1995 ஆம் ஆண்டின் அரசாணையொன்றினால் ஏறக்குறையப் பத்து இலட்சம் எக்டேயர் நிலத்தை நெல்வயலாக்கும் பெருந்திட்டம் தொடங்கப்பட்டு, நெடிய வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. திட்டம் சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. வாய்க்கால்கள் நீரை வடித்துக்கொண்டே இருந்தன. பயிர் செய்யும் காம்புத் நிலத்தில் நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்பிலிருந்து 0.4 மீற்றருக்குக் கீழே சென்றால் அந்நிலம் கெட்டதாகக் கொள்ளப்படும் என்று 2014 ஆம் ஆண்டின் அரசாங்க ஒழுங்குவிதி வரையறுத்தது. ஆதலின் அங்கே நீர்மட்டம் அளத்தல் சிறு வேலையன்று.

அளக்கும் முறை எளியது. துளையிட்ட குழாயொன்றை நிலத்துள் ஆழமாகச் செலுத்தி நிறுத்துவர். குழாயினுள் நிற்கும் நீரின் மட்டமே நிலத்தினுள் நிற்கும் நீரின் மட்டம். குழாயின் வாயிலிருந்து நீர் வரையுள்ள தூரத்தை அளந்து, அதிலிருந்து நிலத்தின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் உயரத்தைக் கழிப்பர். வாயிலிருந்து நீர் வரை 93 சென்ரிமீற்றர், குழாய் நிலத்தின் மேலே 40 சென்ரிமீற்றர் என்றால், நீர் 53 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்கின்றது. அஃதாவது விதித்த எல்லைக்குக் கீழே.

மாணாக்கனின் மடல், சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், பின்வருமாறு அமையும்:

“பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்கட்கு. மதிப்புடன். இம்மடலின் வாயிலாக என்னை அறிமுகஞ் செய்துகொள்ள விடை தருக. நான் பலங்காராயாவில் மண்ணியல் பயிலும் மாணாக்கன். கல்விச் சராசரி 3.41. ஐயா அவர்களின் ஆய்வுகூடத்தில் இயன்றவரை மிகுதியாக அறிவை மொண்டுகொள்ளும் பொருட்டு இவ்விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கின்றேன். நாங்கள் விரிவுரையாளரின் ஆய்வைப் பின்தொடர்ந்தோம். அவ்வாய்வில் 14 குழாய்களில் நிலத்தடி நீர்மட்டம் அளத்தல் செய்யப்பட்டது; தரவுகள் ஆராயப்பட்டன; அவை கொண்டு ஸ்க்ரிப்சி எழுதப்பட்டது. அசிஸ்தென் பிராக்திகும் ஆகவும் இருந்தேன். கே.கே.என். முடித்தேன். அறிவியற் கட்டுரைப் போட்டியில் ஜுவாரா ஹராப்பான் 1 ஆனேன். எனது ஆற்றல் இன்னும் மிகக் குறுகியதாயினும் கடினமாய் உழைக்க ஆயத்தமாயுள்ளேன். ஏற்றுக்கொள்ளப்படுதல் வேண்டும் என்பது எனது பெரிய நம்பிக்கை. சொல்லிற் குறை இருப்பின் பொறுத்தருள்க. ஐயா அவர்களின் கவனத்திற்கு நன்றி.”

மூலத்தில் இதனைப் படிக்கும் இந்தோனேசிய ஆசிரியர் எவரும் இவனைத் தாழ்ந்து கெஞ்சுபவன் என்று எண்ணார். ‘தெங்ஙான் ஹொர்மாத்’ என்னும் ‘மதிப்புடன்’, ‘பெசார் ஹராப்பான் சாயா’ என்னும் ‘பெரியது என் நம்பிக்கை’, முடிவில் வரும் மன்னிப்பு ஆகிய மூன்றும் வாயிலில் மிதியடியைக் கழற்றுவதை ஒத்தவை. கழற்றியதை எவரும் கவனிப்பதில்லை, கழற்றாவிடினே கவனிப்பர். ஆங்கில மடலில் இவை கவனிக்கப்படும். மன்னிப்பு வேண்டுபவன் எந்தப் பிழைக்காக வேண்டுகின்றான் என்று படிப்பவர் மடலைத் திரும்பப் பார்ப்பார். ஆங்கிலத்திற்கும் ஒரு காலத்தில் இத்தகைய வாய்பாடுகள் இருந்தன. தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்று கையொப்பமிடும் வழக்கம் இலங்கைக் கந்தோர்களிலும் நெடுங்காலம் நிலவிற்று. இன்று அவை வழக்கொழிந்தன. ஆதலின் இந்தோனேசிய வாய்பாட்டிற்கு ஈடாக ஆங்கிலத்தில் இன்று உயிரோடிருக்கும் வாய்பாட்டையே வைத்தல் வேண்டும். முதலில் ‘டியர் புரொபெசர்’ என்பதும் அவர் பெயரும். முடிவில் விண்ணப்பத்தை நோக்கியமைக்கு ஒரு வரி நன்றி. அவ்வளவே போதும். மன்னிப்பு முழுவதும் நீங்கலாம். இதனால் மாணாக்கனின் பண்பு குறைவதில்லை. அவன் வேறொரு வீட்டின் வாயில் வழக்கத்தைக் கைக்கொள்கின்றான்.

வாய்பாடுகளை நீக்குதல் எளிது. மடலின் உடலிலுள்ள பணிவே அரியது. ‘அளத்தல் செய்யப்பட்டது’ என்னும் தொடர் அதற்குச் சான்று. மூலத்தில் அது ‘தெலாஹ் டிலாக்குகான்’ என வரும். செய்தவன் பெயர் அங்கில்லை. இந்தோனேசிய அறிவியல் நடையில் வினைமுதலை மறைத்தல் சிறப்பு. நான் நான் என்று சொல்லுதல் செருக்கு. ஆய்வேட்டில் மாணாக்கன் தன்னைக் குறிக்க நேரின் ‘எழுதுபவன்’ என்றே படர்க்கையிற் குறிப்பதும் உண்டு. பெயர்ப்போன் இவ்வினையை அவ்வாறே ஆங்கிலச் செயப்பாட்டு வினையாக்கினால் இலக்கணம் பிழையாகாது. ஆனால், படிக்கும் பேராசிரியர், அளத்தல் நிகழ்ந்தபோது இம்மாணாக்கன் எங்கே நின்றான் என்று கேட்பார். விடை மடலில் இராது. தன்னை மறைத்துக்கொண்டவன் தன் உழைப்பையும் சேர்த்து மறைத்துவிட்டான்.

எனின், பெயர்ப்போன் அதனைச் செய்வினையாக்கி, 14 குழாய்களிலும் நான் அளந்தேன் என்று எழுதிவிடலாமா? கூடாது. மூலம் அவ்வாறு சொல்லவில்லை. உண்மை எதுவென்பதை மூலத்தினின்று அறிய இயலாது. மாணாக்கனையே கேட்டல் வேண்டும். இங்கே பெயர்ப்போன் அகராதியை மூடிவைத்து, வினாக்களை எழுதிக்கொண்டு அவன்முன் அமர்தல் தகும். குழாய்களை அளந்தவர் எவர்? எத்தனை வாரம்? விடுபட்ட வாரம் உண்டா? வரைபடம் யார் கீறியது? கணக்கு யார் செய்தது?

விடைகள் இவ்வாறு வருவதாகக் கொள்ளலாம். ஜூன் தொடக்கம் 20 வாரம், வாரத்திற்கு ஒருமுறை அளவை நடந்தது. குழாய்கள் 14 இல் 8 இவனுடைய பொறுப்பு. ஏனைய 6 உடன்பயிலும் மாணாக்கியுடையவை. செப்தெம்பரில் ஒரு வாரம் காட்டுத்தீயின் புகை மூடியதனால் இவன் செல்ல இயலவில்லை. ஆகவே இவன் எடுத்த அளவைகள் 8 ஐ 19 ஆற் பெருக்கிய 152. வரைபடங்களை இவனே கீறினான். புள்ளிவிவரக் கணக்கைச் செய்தவர் விரிவுரையாளர்.

இவ்விடைகள் கிடைத்தபின் ஆங்கில வாக்கியம் தானே அமையும். “பத்தொன்பது வாரங்கள், பதினான்கு குழாய்களுள் எட்டில் நீர்மட்டத்தை நான் அளந்தேன், மற்றவற்றை உடன்பயிலும் மாணாக்கி அளந்தார். புகையினால் ஒரு வாரம் விடுபட்டது. வரைபடங்களை நான் கீறினேன். புள்ளிவிவர ஆராய்வைச் செய்தவர் என் மேற்பார்வையாளர்.” இதில் நான் என்னுஞ் சொல் இருமுறை வருகின்றது. ஆயினும் செருக்கு எங்குமில்லை. எட்டு என்ற எண்ணும், மாணாக்கிக்கும் ஆசிரியர்க்கும் உரியதை அவர்க்கே கொடுத்தமையும், விடுபட்ட வாரத்தை மறையாமையும் பணிவாகின்றன. அதே வாக்கியந்தான் துணிவும் ஆகின்றது. தன் பங்கின் எல்லையை இவ்வளவு திட்டமாகக் கூறுபவன், அவ்வெல்லைக்குள் உள்ளது தன்னுடையதே என்று அஞ்சாமற் சொல்கின்றான்.

‘நாங்கள் பின்தொடர்ந்தோம்’ என்பதிலும் இரு நுட்பங்கள் உள. இந்தோனேசிய மொழியில் முன்னிலையாரை நீக்கிய பன்மை ‘காமி’. அவரை உளப்படுத்திய பன்மை ‘கித்தா’. தமிழில் நாங்கள், நாம் என்று வேறுபடுப்பதை இது முற்றும் ஒத்தது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ‘வீ’ ஒன்றே. ‘காமி’ என்பது பலரைக் குறிக்கலாம். தனியொருவன் பணிவின் பொருட்டுத் தன்னையே அவ்வாறு குறிக்கவுங் கூடும். எதுவென்பதைக் கேட்டுத் தெளியாது ‘வீ’ என்று எழுதினால், ஒருவன் செய்த வேலை கூட்டத்தின் வேலையாய் மறையும். அல்லது உண்மையான கூட்டாளியின் பங்கு தெளிவின்றிப் போகும். ‘மெங்இகுத்தி’ என்னும் வினையின் வேர்ப்பொருள் பின்தொடர்தல். கருத்தரங்கோடு சேர்ந்தால் அது சமுகமளித்தல். ஆய்வோடு சேர்ந்தால் பங்குபற்றுதல். அகராதியின் முதற்பொருளை வைத்து ஆங்கிலமாக்கினால், மாணாக்கன் ஆய்வைத் தூரத்தேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தவனாய் முடியும். காலங் காட்டும் விகுதி அம்மொழி வினைகளுக்கு இல்லாமையும் நினைவிற்கொள்ளத் தக்கது. ஒரே வினை, செய்தேன் என்றும் செய்துவருகின்றேன் என்றும் பொருள்படும். ஆய்வு முடிந்ததா, நடக்கின்றதா என்பதையும் கேட்டே எழுதல் வேண்டும்.

இனி, ‘எனது ஆற்றல் மிகக் குறுகியது’ என்னும் வரி. பெயர்ப்போர் பெரும்பாலும் இதனை அப்படியே வைப்பர். அன்றேல் வெட்டி எறிவர். வைத்தால், பயிற்சிக்குத் தகுதியற்றவன் என்று அவன் வாயாலேயே சொல்லியதாகும். எறிந்தால், குறைகாணும் கண் அவனுக்கில்லை என்று தோன்றும். இங்கும் அவனையே கேட்கலாம்: ஆற்றல் எதிற் குறுகியது? நீர்மட்டம் அளக்கத் தெரியும். மண்ணிலிருந்து எழும் வாயுவை அளந்ததில்லை என்பான். மண்ணின்மீது மூடிய கலமொன்றைக் கவிழ்த்து, சில நிமிடங்களில் உள்ளே காபனீரொட்சைட்டு எவ்வளவு ஏறுகின்றது என்று கருவியால் அளக்கும் முறையை அவன் நூலிற் படித்திருக்கின்றான், கருவியைத் தொட்டதில்லை. அந்த ஒல்லாந்த ஆய்வுகூடமோ அதனையே செய்கின்றது. இதுவரை மடலில் இல்லாதிருந்த காரணம் இப்போது கிடைத்துவிட்டது. பொதுவான தாழ்மை நீங்கி, குறிப்பிட்ட ஒரு குறை அவ்விடத்தில் அமர்கின்றது. அக்குறையே விண்ணப்பத்தின் நோக்கமும் ஆகின்றது.

‘அறிவை மொண்டுகொள்ளும் பொருட்டு’ என்பதும் இதனோடு தீர்ந்துவிடும். ‘மெனிம்பா இல்மு’ என்பது அழகிய தொடர். ‘திம்பா’ என்றால் கிணற்றிலிருந்து நீர் மொள்ளும் வாளி. ஆசிரியரைக் கிணறாகவும் தன்னை வாளியோடு வந்தவனாகவும் கொள்ளும் உருவகம் அது. பெயர்ப்போனுக்கு இதனை இழக்க மனம் வராது. ஆயினும் ஆங்கிலத்தில் அது பொருளற்ற அலங்காரமாய் நிற்கும். எந்த நீர், எவ்வளவு என்று சொல்லாமையால் மடலுக்கும் பயன்படாது. மூடிய கலத்தால் வாயு அளக்கக் கற்கவேண்டும் என்னும் வெற்றுச் சொல்லே அவ்விடத்திற்கு ஏற்றது.

பெயர்ச்சொற்களிலே பதுங்கியிருக்கும் இடர் வேறு வகையானது. அங்கே பணிவு கெடுவதில்லை, வாய்மை கெடுகின்றது. ‘ஸ்க்ரிப்சி’ என்பது இளமாணிப் பட்டத்திற்கு எழுதும் ஆய்வேடு. ‘தெசிஸ்’ என்று அந்நாட்டார் சொல்வது முதுமாணிக்குரியது. ஆங்கிலத்தில் அடைமொழியின்றித் ‘தீசிஸ்’ என்று எழுதினால், மாணாக்கன் தன்னை ஒரு படி உயர்த்திக்கொண்டான் என்று ஐயுற இடமுண்டு. ‘இளமாணி’ என்னும் அடையைச் சேர்த்தே எழுதல் வேண்டும். ‘அசிஸ்தென் பிராக்திகும்’ என்பவன் செய்முறை வகுப்பில் இளைய மாணாக்கர்க்கு உதவுபவன். ஆய்வுகூட உதவியாளன் என்று ஆங்கிலமாக்கினால் சம்பளம் பெறும் உத்தியோகத்தனாகிவிடுவான். கல்விச் சராசரி 3.41 என்பது 4.00 ஐ உச்சமாகக் கொண்ட அளவில் என்பதைச் சொல்லாவிடின், பத்தை உச்சமாகக் கொண்டு புள்ளியிடும் ஒல்லாந்தர் திகைப்பர்.

‘கே.கே.என்.’ என்பது மாணாக்கர் கிராமத்திலே தங்கிச் செய்யும் சமூகப் பணிப் பாடம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மெய்யான வேலை விரிவுரை’ என்று நகைப்புக்கிடமாகும். சுருக்கத்தையே வைத்துவிடலாமெனின், அதே மூன்றெழுத்து அந்நாட்டில் ஊழல், கள்ளக்கூட்டு, உறவினர்க்குச் சலுகை ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறிப்பதற்கும் வழங்குகின்றது. 1998 ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றக் காலத்தில் அது எங்கும் ஒலித்தது. மாணாக்கன் அதனை முடித்தேன் என்று எழுதினால், தேடிப்பார்க்கும் அயல்நாட்டார் எதனைக் கண்டெடுப்பாரோ! கிராமத்திற் சில வாரங்கள் சமூகப் பணி என்று விரித்தெழுதுவதே தக்கது.

எல்லாவற்றினும் கொடிய பொறி ‘ஜுவாரா ஹராப்பான் 1’. ஜுவாரா என்றால் வெற்றியாளர். ஹராப்பான் என்றால் நம்பிக்கை. பக்கத்திலே ஒன்று என்ற எண். அவசரக்காரன் இதனை முதற் பரிசு என்று பெயர்த்துவிடுவான். உண்மையில், முதல் மூன்று பரிசுகளும் வழங்கப்பட்டபின், அடுத்து நிற்போரை ஊக்குவிக்கக் கொடுக்கப்படுவது ஹராப்பான் வரிசை. அதில் ஒன்று என்றால் நான்காம் இடம். மாணாக்கன் பொய் சொல்லவில்லை. பெயர்ப்பு அவன் வாயில் பொய்யை வைத்துவிடுகின்றது. பின்னொருநாள் சான்றிதழை எவராவது சரிபார்த்தால் பழி அவனையே சாரும். நான்காம் இடம் என்று எழுதுவதால் இழப்பொன்றுமில்லை.

எதிர்த்திசையிற் செல்லும் பிழையையும் கூறுதல் வேண்டும். ஆங்கில மடல் துணிவுடையதாய் இருத்தல் வேண்டும் என்று கேள்வியுற்ற பெயர்ப்போர் சிலர், மூலத்தில் இல்லாத பேரார்வம், தலைமைப் பண்பு, தனித்திறமை முதலிய சொற்களைக் கொண்டுவந்து நிரப்புவர். ‘சாயா யாக்கின்’, அஃதாவது உறுதியாய் நம்புகின்றேன் என்று மாணாக்கன் ஓரிடத்தில் எழுதியிருந்தால், அதனை நான்கிடத்திற் பரப்புவர். இச்சொற்களைச் சரிபார்க்க ஒருவராலும் இயலாது. ஆதலால் பேராசிரியர் அவற்றைக் கடந்து படிப்பார். 152 அளவைகள் என்பதைக் கடந்து படித்தல் அவர்க்கு இயலாது. துணிவைப் பெயரடைகளில் தேடாமல் வினைகளிலும் எண்களிலும் தேடுவதே முறை. வினைகளுள்ளும் தரம் உண்டு. ‘ஹெல்ப்ட்’ என்னும் உதவினேன் மிகத் தளர்ந்தது. எதில், எவ்வளவு என்று சொல்லாது. ‘மெஷர்ட்’ என்னும் அளந்தேன், ‘பிளொட்டட்’ என்னும் வரைந்தேன் ஆகியவை நிலத்திற் கால் ஊன்றியவை. ‘லெட்’ என்னும் தலைமை தாங்கினேன், உண்மையில் தாங்கியவர்க்கே உரியது.

இவ்வாறு திருந்திய ஆங்கில மடலின் கருத்தைத் தமிழிற் கூறினால் பின்வருமாறு அமையும்:

“அன்புள்ள பேராசிரியருக்கு. பீற்று மண்ணிலிருந்து வெளிவரும் காபனீரொட்சைட்டை அளக்கும் தங்கள் பணியில் மூன்று மாதப் பயிற்சி மாணாக்கனாகச் சேர விண்ணப்பிக்கின்றேன். பலங்காராயாவில் மண்ணியல் இளமாணிப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கின்றேன், சராசரி, 4.00 அளவில் 3.41. எனது இளமாணி ஆய்வேட்டிற்காக, வாய்க்கால் வெட்டப்பட்ட பீற்று நிலத்தில், பத்தொன்பது வாரங்கள், பதினான்கு குழாய்களுள் எட்டை நிறுவி நீர்மட்டத்தை அளந்தேன். மற்றவற்றை உடன்பயிலும் மாணாக்கி அளந்தார். புகையினால் ஒரு வாரம் விடுபட்டது. வரைபடங்களை நான் கீறினேன். புள்ளிவிவர ஆராய்வைச் செய்தவர் என் மேற்பார்வையாளர். வாய்க்காலுக்கு அண்மையிலிருந்த மூன்று குழாய்களில், ஆகஸ்டு தொடங்கி அளவை முடியும் வரை நீர் 40 சென்ரிமீற்றருக்குக் கீழேயே நின்றது. அந்நிலத்திலிருந்து எவ்வளவு வாயு எழுகின்றது என்பதை என்னால் அளக்க இயலவில்லை. மூடிய கலத்தைக் கையாண்டு எனக்குப் பழக்கமில்லை. அதனைத் தங்களிடம் கற்றுத் திரும்பி, அதே எட்டுக் குழாய்களினருகே அளக்க விரும்புகின்றேன். செய்முறை வகுப்புகளில் இளைய மாணாக்கர்க்கு உதவியிருக்கின்றேன். கட்டுரைப் போட்டியொன்றில் நான்காம் இடம் பெற்றேன். எனது விண்ணப்பத்தை நோக்கியமைக்கு நன்றி.”

கிராமத்துச் சமூகப் பணி இதிற் சேர்க்கப்படவில்லை. வாயு அளப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. தன்விவரப் பட்டியலில் அது ஒரு வரியாக நிற்கும். மூலத்தில் முதலில் நின்ற தன்னறிமுகம் இரண்டாமிடத்திற்குச் சென்றதையும், கேட்பது யாதென்பது முதல் வரிக்கு வந்ததையும் காணலாம். இந்தோனேசிய மரபில் வந்தவன் யாரென்று சொல்லிய பின்னரே வந்த காரியத்தைச் சொல்லுவான். ஆங்கில மடலைப் படிப்பவர் காரியத்தை அறிந்த பின்னரே வந்தவனை நோக்குவார்.

மடல் இத்துடன் முடிந்துவிடவில்லை. பெயர்ப்போன் அதனை மாணாக்கனிடங் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்மொழியாக இந்தோனேசிய மொழிக்குத் திருப்பச் செய்தல் நன்று. தன் விரிவுரையாளர் எதிரில் அமர்ந்திருப்பதாகவே எண்ணிக்கொண்டு அவன் அதனைச் சொல்லல் வேண்டும். வாய்பாடுகள் இல்லாதது அவனுக்குச் சற்று வெறுமையாய்த் தோன்றும், அது இயல்பு. கவனிக்கவேண்டியது அவன் நாத் தடுமாறும் இடத்தையே. மொழி தெரியாமல் தடுமாறுவது ஒருவகை. அந்தச் சொல் தனக்கு உரியதன்று என்று கூசித் தடுமாறுவது மற்றொருவகை. பிந்தியது நேர்ந்த இடத்திற் பெயர்ப்பு உண்மையைக் கடந்திருக்கின்றது.

மேலைய மடலில் அத்தகைய இடம் ஒன்று உண்டு. எட்டுக் குழாய்களை ‘நிறுவி’ அளந்தேன் என்ற வரியில், ‘இன்ஸ்ரோல்ட்’ என்னும் வினையை அவன் திருப்பிச் சொல்ல முற்பட்டு நிறுத்துவான். குழாய்களைச் சுமந்து சென்று, இடுப்பளவு சேற்றில் நின்று, மண்ணுள் இறக்கியவர்கள் அவ்வூர்க் கிராமத்தவர் நால்வர். அவன் உடனிருந்து இடங் குறித்தான், உயரம் பதிந்தான். ஆகவே அச்சொல் நீக்கப்பட்டு, “கிராமத்தவர் நால்வர் குழாய்களை இறக்கினர், இடங்களை நான் குறித்தேன்” என்னும் வரி அவ்விடத்திற் சேர்க்கப்பட்டது.